பேஸ்மேக்கர் குறிப்பிலிருந்து பர்ஸ் அட்டை

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்த குறிப்பு இரண்டு பக்கம் இருக்கிறது. பர்ஸில் வைக்கும் அட்டைக்கு எதை எடுக்கணும்?

மாறாத விவரங்களை முன்பக்கத்திலும் மாறுபவற்றைப் பின்பக்கத்திலும் எழுதுங்கள்.

முன்பக்கத்தில் பொருத்திய தேதி, காரணம் (உதாரணமாக இதயத்தின் மின்பாதையில் முழு அடைப்பு), இரட்டை அறைக் கருவி, நிறுவனம், மாடல், வரிசை எண். கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பிகளான இரண்டு லீடுகளின் மாடலையும் விடாதீர்கள். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பதைக் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை, லீடும் பொருந்த வேண்டும். சொந்தத் துடிப்பு போதாமல் கருவியையே நம்பியிருப்பவர் என்று குறிப்பில் இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவசரப் பிரிவில் அது முக்கியமாகத் தேவைப்படும்.

பின்பக்கத்தில் `DDDR 60–130` போன்ற அமைப்பு: DDDR கருவி இயங்கும் முறை, 60 நிமிடத்துக்குக் குறைந்தபட்சத் துடிப்பு, 130 மேல் வரம்பு. இங்கேதான் தவறு நடக்கும். குறிப்பில் 0.7 வோல்ட், 3.5 வோல்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இதயத்தைத் துடிக்கவைக்கப் போதுமான குறைந்தபட்ச அளவு, அதாவது த்ரெஷோல்ட். இரண்டாவதுதான் கருவி அனுப்பும் அளவு. லீடு பதியும் முதல் வாரங்களில் த்ரெஷோல்ட் ஏறலாம் என்பதால் கருவி அனுப்பும் அளவைக் கூடுதலாக வைத்து, மூன்றாம் மாதப் பரிசோதனைவாக்கில் குறைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு அமைப்பின் பக்கத்திலும் தேதி வேண்டும், தேதியில்லாத 3.5 ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

மார்ச் 10 அன்று பொருத்தியிருந்தால், காயம் பார்க்க மார்ச் 20–24, முதல் முழுப் பரிசோதனை ஜூன் வாக்கில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளி, பெரும்பாலும் 6 முதல் 12 மாதம். அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், திருத்த முடியாது. நிறுவனம் தந்த அட்டையும் கூடவே இருக்கட்டும்.