நீலமாக மின்னும் விடை

"தண்ணீர் கேன் செயலியின் ஃபிக்மா மாதிரியை மூன்று நண்பர்களிடம் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். கோடிங் தொடங்கலாமா?"

இன்னும் வேண்டாம். வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ உண்மையில் கேன் வாங்கும் ஐந்து பேரிடம், ஒவ்வொருவராக, "நாளைக் காலை இரண்டு கேன் வர வேண்டும், காலி கேன் ஒன்றுதான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கைபேசியைக் கொடுத்துவிட்டு, பொத்தானில் உள்ள சொற்களை உச்சரிக்காமல், முதல் தொடுகை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஃபிக்மாவில் Show hotspot hints on click என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் இணைப்பில்லாத இடத்தைத் தொட்டதும், தொட்டால் இயங்கும் இடங்கள் நீலமாக மின்னி விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் (நானும் இதில் ஏமாந்தவன்தான்). இதே போன்ற செயலி ஒன்றை நாங்கள் சோதித்தபோது மூவர் 'முன்பணம்' என்பதைக் கேனின் விலையென எண்ணித் திரும்பிவிட்டார்கள். 'காலி கேனைத் தந்தால் திரும்பக் கிடைக்கும் தொகை' என்று மாற்றிப் புதிய இருவரிடம் கொடுத்தபோது, அவர்கள் அந்தத் திரையில் நிற்கவே இல்லை.