மோகனத்தின் காந்தாரத்தை ஸ ஆக்கினால் ஹிந்தோளம் வரவில்லையே, ஏன்?

"அண்ணாச்சி, 1 கட்டையில சுருதிப்பெட்டிய வச்சு மோகனத்துல க-வை ஸ-ன்னு நினைச்சுப் பாடுதேன். ஹிந்தோளமே கேக்கல, மோகனமாத்தான் இருக்கு. - அம்பாசமுத்திரம்"

சுருதிப்பெட்டியை 3 கட்டைக்கு மாத்துங்க, ஹிந்தோளம் வந்துரும். உங்க ஸ்வரம் சரிதான். பழைய ஸ-வும் ப-வும் பின்னால ஒலிச்சுக்கிட்டே இருக்கிறதால காது அதைத்தான் ஆதாரமாப் பிடிக்குது.

1 கட்டைக்குக் காந்தாரம் 3 கட்டையில விழும். அங்கிருந்து க ப த ஸ ரி-ன்னு அதே ஸ்வரங்களைப் பாடினா, புது ஸ-வுக்கு அது ஸ க ம த நி. காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம், தைவதம் சுத்தம், நிஷாதம் கைசிகி.

பெட்டியில பஞ்சமத்தை மட்டும் வைக்காதீங்க, மத்யம சுருதி வையுங்க. 3 கட்டைக்குப் பஞ்சமம் உங்க பழைய நிஷாதம்; மோகனத்துல அது கிடையாது. மத்யமம் பழைய தைவதம், ராகத்துக்குள்ளேயே இருக்கு. பெட்டியை நிறுத்திட்டு, க-வை மட்டும் நீளமா ரெண்டு மூச்சு பிடிச்சு அப்புறம் மேலே போய்ப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஆனா கிடைக்கிறது ஸ்வர வரிசை மட்டுந்தான். மோகனத்துல ப-வை அசைக்காமப் பாடிப் பழகியிருப்பீங்க. ஹிந்தோளத்துல அதே இடம் காந்தாரம், அதுக்கு அசைவு வேணும். அதைத் தனியாப் பழகணும். கோயில்ல நாகஸ்வரத்துக்கு ஒத்து பழைய ஸ-விலேயே நிக்கும், அதனால வாசிக்கிறவர் கொஞ்ச நேரம் காட்டிட்டு மோகனத்துக்கே திரும்பிருவார்.