ரெண்டு நாளா, ரெண்டு மணி நேரமா? ரிமைண்டர் பத்தி உங்க கேள்விகள்

தேக்கால சின்ன பியூட்டி பார்லர் வச்சிருக்கேன் அக்கா. புக் பண்ணிட்டு வராம போறவங்க அதிகம். ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணு, ரெண்டு மணி நேரம் முன்னாடி ஒண்ணுன்னு ரிமைண்டர் அனுப்புற ஆப் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டுக்கும் காசு. ஒண்ணு போதாதா?

போதாது மா, ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டு நாள் முன்னாடி போறது மாத்துறவங்களுக்கு. அப்ப கேன்சல் பண்ணாங்கன்னா அந்த ஸ்லாட்ட வெயிட்டிங்ல இருக்கிற இன்னொருத்தருக்கு குடுக்க உங்களுக்கு டைம் இருக்கு. ரெண்டு மணி நேரம் முன்னாடி போறது மறந்துட்டவங்களுக்கு, உட்லண்ட்ஸ்ல வீட்ல உட்காந்திருந்தா கூட கெளம்பி எம்ஆர்டி புடிச்சு வந்துடலாம், ஆனா அந்த நேரத்துல கேன்சல் வந்தா ஸ்லாட் பெரும்பாலும் போனதுதான். அதனால தேதி, நேரம், மாத்துறதுக்கான லிங்க் முதல் மெசேஜ்ல தெளிவா இருக்கணும், ரெண்டாவதுல நேரமும் அட்ரஸும் போதும்.

இப்ப உங்க கடையவே வச்சு பாருங்க. ஞாயிறு திங்கள் லீவுன்னு வைங்க. செவ்வாய் காலை 10 மணி புக்கிங்குக்கு 48 மணி நேரம் முன்னாடின்னா ஞாயிறு காலை 10. கஸ்டமர் "வர முடியல"ன்னு ரிப்ளை போடுவாங்க, பாக்க ஆள் இல்ல, செவ்வாய் கடை தொறந்தப்பறம்தான் தெரியும். அந்த புக்கிங்குக்கு மட்டும் சனிக்கிழமை மதியமே போகணும். அதே மாதிரி கல்யாண மேக்கப் காலை 6 மணிக்குன்னா ரெண்டு மணி நேரம் முன்னாடி போறது விடிகாலை 4 மணிக்கு போய் நிக்கும், அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் 7 மணின்னு மாத்தணும். லீவு நாளை தள்ளி கணக்கு பண்ணுதா, மெசேஜ் போகக்கூடாத நேரம்னு ஒண்ணு வைக்க முடியுதான்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க.

கேட்டா மட்டும் பத்தாது, ட்ரையல்ல உங்க சொந்த நம்பர போட்டு புக் பண்ணி, அப்பறம் வேற நாளுக்கு மாத்தி பாருங்க. பழைய நேரத்துக்கும் ரிமைண்டர் வந்தா அந்த ஆப் வேணாம், கஸ்டமர் தப்பான நாள்ல வந்து நிப்பாங்க. இன்னைக்கே புக் பண்ணி இன்னைக்கே வர்றவங்களுக்கு ரெண்டு நாள் மெசேஜும் சேந்து போகுதான்னும் பாருங்க.

இன்னொண்ணு, இதுல எனக்கு உண்மையாவே கோவம். "ஆயிரம் எஸ்எம்எஸ்"னு விப்பாங்க. இங்கிலீஷ்ல 160 எழுத்து வரைக்கும் ஒரு எஸ்எம்எஸ். தமிழ் எழுத்து ஒண்ணே ஒண்ணு வந்தாலும் மொத்த மெசேஜும் 70-க்கு இறங்கிடும், நீளமானா ஒவ்வொரு துண்டும் 67 தான், அதுலயும் "கி"ங்கிறத ரெண்டா எண்ணும். அப்படி எண்ணி 150 வர்ற தமிழ் மெசேஜ்னா மூணு எஸ்எம்எஸ் கணக்கு, மூணு கிரெடிட் போயிடும். எங்க அக்கா டியூஷன் சென்டருக்கு நான் ஒரு பேக் வாங்கி குடுத்தேன், தமிழ்லதான் அனுப்பப்போறோம்னு சொல்லியே வாங்கினேன், வித்த ஆள் இத வாயே தொறக்கல, கிரெடிட் நெனச்சதுக்கு ரொம்ப முன்னாடியே தீந்து போச்சு. தமிழ்ல அனுப்புங்க, அனுப்பணும், பாட்டிமார் நிறைய பேர் அதத்தான் படிக்கிறாங்க, ஆனா ஒரு மெசேஜுக்கு எத்தனை கிரெடிட்னு எழுதி வாங்கிக்கோங்க.

24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா 50 வெள்ளி டெபாசிட் திரும்ப வராதாம். ஆனா ரிமைண்டரே ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் வந்துச்சு. கேக்கலாமா?

கேளுங்க தம்பி. கேன்சல் பண்ற கெடு முடிஞ்சப்பறம் ஞாபகப்படுத்துறது கஸ்டமருக்கு எந்த விதத்துலயும் உதவாது, 24 மணி நேரம்னு ரூல் வச்சா 48-ல ஒரு மெசேஜ் போயிருக்கணும். முதல்ல புக் பண்ணப்போ இந்த ரூல உங்களுக்கு காட்டினாங்களான்னு பாருங்க. காட்டலைன்னா உங்க பக்கம் பலம், காட்டியிருந்தா கொஞ்சம் கஷ்டம், அப்பவும் கேட்டுப் பாக்கலாம். ஃபோன்ல பேசாதீங்க, எழுத்துல கேளுங்க, ரிமைண்டர் வந்த நேரம் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் வைங்க. மசியலைன்னா கேஸ்ங்கிற நுகர்வோர் சங்கத்துக்கு போங்க. அதுக்கு மேல ஸ்மால் கிளைம்ஸ் டிரைபியூனல் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் எடுக்கும், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ரெண்டு ரிமைண்டரும் வந்துச்சு, தேதிய சரியா பாக்கல, அடுத்த நாள் போனேன். டெபாசிட் திரும்ப வாங்க வழி?

இல்ல.

எங்க கடை பேர்ல போற ரிமைண்டர் கஸ்டமர் ஃபோன்ல Likely-SCAM-னு காட்டுது. யாரும் தொறக்கறதில்ல.

பேரை பதிவு பண்ணல, அதான். 2023 ஜனவரி 31-லேந்து பேர் போட்டு எஸ்எம்எஸ் அனுப்புற நிறுவனம் யுஇஎன் நம்பரோட, எஸ்எம்எஸ் அனுப்புறவங்க பேரை பதியுற எஸ்எஸ்ஐஆர்ல அந்த பேரை பதியணும். பதிஞ்சு முடியற வரைக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, இல்லன்னா ரெண்டு நாள் முன்னாடி நீங்களே ஒரு கால் போடுங்க.