முழங்கால் குதிப்பதும் இடுப்பு நடுங்குவதும் ஏன்?

முட்டம் கடற்கரையில் கரமடி வலை இழுக்கும் ஒருவரை பிளெண்டரில் அனிமேட் செய்கிறேன். இடுப்பு நடுங்குகிறது, முழங்கால் ஒரு பிரேமில் டக்கென்று குதிக்கிறது. எதைத் திருத்துவது?

காலுக்கு ஐகே போட்டு, பாதம் நிற்கும் இடத்தைப் பொறுத்து முழங்கால் தானாக மடியும்படி வைத்திருந்தால், முழங்காலை விட்டுவிட்டு முதலில் இடுப்பின் வளைவுகளைப் பாருங்கள். கால் ஏறக்குறைய நேராக நீளும்போது இடுப்பு கொஞ்சம் உயர்ந்தாலே முழங்கால் சட்டென்று விறைக்கும். குதிப்பாகத் தெரிவது அதுதான்.

கிராஃப் எடிட்டரில் இடுப்பை மேலும் கீழும் நகர்த்தும் வளைவை மட்டும் வைத்து, மற்றதை மறைத்துவிடுங்கள். உதாரணமாக, 36-ஆம் பிரேமில் உடல் தாழ்ந்து, 48-இல் பின்னால் சாய்ந்து கயிறு இழுக்கிறார் என்று வைப்போம். நடுவே 40, 41, 42, 43-இல் வரிசையாகக் கீகள் ரம்பப் பல் மாதிரி நின்றால், நடுக்கம் அங்கேதான். பெரும்பாலும் ஆட்டோ கீ செய்கிற வேலை இது. அந்த நான்கையும் அழியுங்கள். மீதமுள்ள இரண்டையும் தேர்ந்து V அழுத்தி Auto Clamped கொடுங்கள். வளைவு உச்சத்தைத் தாண்டி வழியாது.

அப்புறம் 48-இல் இடுப்பைச் சற்றே தாழ்த்தி, முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும்படி விடுங்கள். வளைவு வழுவழுப்பாகியும் குதித்தால், காலுக்கு எட்டாத தூரத்தில் பாதம் நிற்கிறது. பாதத்தை அருகே கொண்டுவாருங்கள்.

Smooth Keys-ஐ மொத்தமாகத் தட்ட வேண்டாம். மணலில் ஊன்றிய பாதமும் வழுக்கத் தொடங்கிவிடும்.