மாண்டிசோரி வகுப்பிலிருந்து தொடக்கநிலை ஒன்றுக்கு

"மகளுக்கு நான்கு வயது. மாண்டிசோரி பாலர்பள்ளியில் கே1 படிக்கிறாள். தன் வேலையைத் தானே தேர்ந்தெடுத்து, பாய் விரித்துச் செய்கிறாள். 'பயிற்சித்தாள் ஒன்றுகூட வீட்டுக்கு வருவதில்லையே, தொடக்கநிலை ஒன்றில் முப்பது பிள்ளைகளோடு எப்படி உட்காருவாள்?' என்று என் மாமியார் கேட்கிறார். ஆசிரியர் முன்நின்று நடத்தும் பள்ளிக்கு இப்போதே மாற்றிவிடலாமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?" (செங்காங் வாசகி)

உடனே மாற்றாதீர்கள் அம்மா. முதலில், ஒரு காலை முழுவதும் அந்த வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். 'மாண்டிசோரி' என்ற பெயர் யாருக்கும் தனியுரிமை இல்லை. எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆய்வுகளில் தென்பட்ட பலன் வகுப்பறை உள்ளே எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த மூலையில்தான் கிடைக்கும்.

ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பிள்ளைகளை எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள் என்பதை. மாண்டிசோரியைத் தேடிப் போகும் பெற்றோர் பொதுவாகவே பிள்ளையின் படிப்பில் அதிகம் மெனக்கெடுபவர்கள். பிள்ளை நன்றாகப் படித்தால் அது பள்ளியாலா, வீட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க அரசுப் பள்ளிகள் சிலவற்றில் இடம் போதாமல் குலுக்கல் நடக்கிறது. இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் விண்ணப்பித்த குடும்பங்களே என்பதால் அந்த ஒப்பீடு நியாயமானது. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டின் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. 24 பள்ளிகள், 588 பிள்ளைகள். மூன்று வயதில் சேர்ந்தவர்களைப் பாலர் கல்வி முடியும்வரை தொடர்ந்தார்கள். முடிவில் மாண்டிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும், நினைவாற்றலிலும், அவசரத்தை அடக்கி ஒரு விதியைப் பின்பற்றும் திறனிலும், பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதிலும் முன்னே இருந்தார்கள். வித்தியாசம் மலைக்க வைப்பதல்ல, ஆனால் தெளிவானது. உங்களுக்கு முக்கியமான சேதி, அந்த முன்னிலை தொடக்கத்தில் தெரியவில்லை, மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் தெரிந்தது என்பது. நடுவில் எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த ஆய்வு உத்தரவாதம் தராது. குலுக்கலில் கலந்த எல்லாக் குடும்பங்களும் ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

பிரான்சில் அரசுப் பாலர்பள்ளியில் நடந்து 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு இவ்வளவு தாராளமாக இல்லை. அங்கே மாண்டிசோரி முறையைச் சற்று மாற்றியமைத்து நடத்தினார்கள். பிள்ளைகள் வாசிப்பில் முன்னே வந்தார்கள். கணிதத்திலும் தன்னடக்கத்திலும் வேறுபாடு இல்லை. பயிற்சிப் புத்தகமும் வேறு விளையாட்டுப் பொருள்களும் கலந்த மாண்டிசோரி வகுப்புகளைவிட, கலப்பில்லாத வகுப்புகளின் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள் என்று லில்லார்டு 2012இல் எழுதியிருந்தார். அது குலுக்கல் ஆய்வல்ல. ஆனால் நான் வகுப்புகளில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

ஆசிரியர் முன்நின்று கற்பிப்பதற்கும் வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ஃபாலோ த்ரூ என்ற பெரும் திட்டம், வறுமைப் பகுதிப் பிள்ளைகளிடம் பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டது. படிப்படியாக, நேரடியாகச் சொல்லிக்கொடுத்த முறை அடிப்படைத் திறன்களில் முதலில் நின்றது. பிள்ளைகளின் தன்னம்பிக்கையும் குறையவில்லை. ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. பிறகு 2011இல் 164 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உதவியில்லாமல் தானே கண்டுபிடி என்று விடுவதைவிட நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது மேல் என்றும், வழிகாட்டலோடு கண்டுபிடிக்கவிடுவது இரண்டைவிடவும் நல்லது என்றும் தெரிந்தது.

இவை முரண்படுவதுபோலத் தோன்றும். வகுப்பறையைப் பார்த்தால் தோன்றாது. தங்கமணிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றை மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆசிரியை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து மூன்று படியில் சொல்லித்தருவார். "இது பத்து, இது நூறு." அடுத்து, "நூறு எது, காட்டு." கடைசியாக, "இது என்ன?" இது நேரடிக் கற்பித்தலேதான், ஒரு பிள்ளைக்கு நடக்கிறது, அவ்வளவே. அதன்பின் எப்போது எடுப்பது, எத்தனை முறை செய்வது என்பதுதான் பிள்ளையின் கையில். நாலு வயதுக் குழந்தை ஆயிரத்தை இரண்டு கையாலும் தூக்கி வரும்போது, ஒரு மணிக்கும் அதற்கும் உள்ள எடை வித்தியாசம் எண்ணைப் பற்றிச் சொல்வதை எந்தத் தாளும் சொல்லாது.

இனி அந்தக் காலைக்கு வருவோம். தடையில்லாத வேலை நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருப்பதே முறை. நம் ஊரில் பல இடங்களில் ஒலிப்பு வகுப்பு, சீனம், தமிழ், இசை என்று வெட்டி வெட்டி முக்கால் மணிக்குக் குறைத்துவிடுகிறார்கள். தொடங்கி ஒரு மணி நேரம்போல் ஆனதும் அறை திடீரென இரைச்சலாகும், பிள்ளைகள் அலைவார்கள். மாண்டிசோரி அம்மையார் இதைப் பொய்க் களைப்பு என்றார். அனுபவமில்லாத ஆசிரியை அப்போது எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுப் பாடுவார். பொறுத்திருந்தால் சற்று நேரத்தில் அறை தானாக அடங்கும், பிள்ளைகள் அன்றைய கடினமான வேலையை எடுப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய நிமிடம் அதுதான்.

அடுத்து, மகளின் பதிவேட்டைக் கேளுங்கள். தானே தேர்ந்தெடுக்கும் முறையின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒரு பையன் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவதும் பித்தளை துலக்குவதுமாக இருந்தான். அமைதியான பிள்ளை என்று பாராட்டினோம். விரலால் தடவி எழுத்தைப் பழகும் உப்புத்தாள் எழுத்துகள் இருந்த தட்டுப் பக்கமே அவன் போகவில்லை என்பது பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஆசிரியர் நடத்தும் வகுப்பில் இப்படி ஒளிந்துகொள்ள முடியாது. எந்தப் பாடம் எந்தத் தேதியில் காட்டப்பட்டது, எதைத் தவிர்க்கிறாள், அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். தமிழுக்கும் இதையே கேளுங்கள்: தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் பழகும் அட்டை தட்டில் இருக்கிறதா, தமிழ் ஆசிரியை வந்து போகும் அரை மணி நேரம் மட்டும்தானா?

தொடக்கநிலை ஒன்றைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2003 முதல் கட்டாயக் கல்வி இருப்பதால், விலக்கு பெற்றாலன்றி அவள் தேசியத் தொடக்கப்பள்ளிக்குத்தான் போவாள். அதனால் நீங்கள் முடிவெடுப்பது இரண்டே ஆண்டுகளுக்கு. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் தேர்வுகள் இல்லை. ஆங்கில வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, சிறு குழுவாகக் கற்பிக்கும் கற்றல் ஆதரவுத் திட்டமும் உண்டு.

மாண்டிசோரியிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரங்களில் தடுமாறுவதை நான் பார்த்திருப்பது மூன்று இடங்களில்: முடிக்காத வேலையை மணி அடித்ததும் மூடிவைப்பது, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்வது, கோடிட்ட தாளில் எழுதுவது. கே2 ஆண்டின் பிற்பாதியில் இவற்றை வீட்டிலேயே பழக்கலாம். சமையலறைக் கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்து, மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகச் சொல்லுங்கள். "எல்லாரும் செருப்பை எடுத்து வையுங்கள்" என்று பெயர் சொல்லாமல் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கு வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம், ஒரு கோடிட்ட தாள் போதும். மாமியாரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, பேத்தியின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.