68% லாபத்தில் சந்தை தந்தது எவ்வளவு, உங்கள் விதி தந்தது எவ்வளவு?

கேள்வி: ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும், முந்தைய 3 மாதங்களில் அதிகம் ஏறிய 5 பங்குகளைச் சம அளவில் வாங்குவேன். பட்டியலை விட்டு இறங்கியவற்றை விற்றுவிடுவேன். 2024இல் தரகுச் செலவு போக, பங்கிலாபம் சேர்த்து 68% லாபம். கொழும்புப் பங்குச் சந்தையின் மொத்தச் சுட்டெண்ணான ASPI ஏறியது 49.7% தான். நாளாந்த வருமானத்தை ASPI மீது ரிக்ரஷன் போட்டுப் பார்த்தேன்: பீட்டா, அதாவது சந்தை 1% அசைந்தால் என் பங்குகள் அசையும் அளவு, 0.7; ஆல்பா, அதாவது சந்தை தராத மீதி வருமானம், நாளுக்கு 0.11%. அதாவது சந்தையை விடக் குறைந்த அபாயத்தில், வருடத்துக்கு 26% கூடுதல் வருமானம். இதைத் திறமை என்று நம்பி வங்கியில் இருக்கும் சேமிப்பையும் இதில் போடலாமா? வாரக் கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன்.
(வாசகர், உவர்மலை, திருகோணமலை)

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். உங்கள் விதி மோசமானது என்று நான் சொல்லவில்லை. அந்த 26%இல் பெரும்பகுதி நீங்கள் கணக்குப் போட்ட முறையிலிருந்து வந்திருக்கிறது. அதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவோம்.

முதலில் சிறியது. ரிக்ரஷனில் நீங்கள் வெறும் வருமானத்தைப் போட்டிருக்கிறீர்கள். திறைசேரி உண்டியலில் சும்மா போட்டிருந்தாலே கிடைத்திருக்கும் வட்டியை இரு பக்கமும் கழித்த பிறகுதான் மீதியை ஒப்பிட வேண்டும். பீட்டா 1ஆக இருந்தால் இந்த வட்டி இரு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். 0.7 ஆனால், வட்டியில் 0.3 பங்கு ஆல்பாவுக்குள் ஒளிந்துகொள்ளும். 2024இல் 91 நாள் உண்டியலின் வட்டி சராசரியாகச் சுமார் 10% என்று கொண்டால், அதுவே 3%. ஆக 26% இப்போது 23%.

அடுத்ததுதான் முக்கியம். பீட்டா 0.7 என்பதை நான் நம்பவில்லை. உங்கள் தாளில் உள்ள பங்குகளில் பாதிக்கு மேல் சிறிய கம்பனிகள். கொழும்புச் சந்தையில் இப்படிப்பட்ட பங்குகள் சில நாட்களில் ஒரு சில நூறு பங்குகளே கைமாறும். சில நாட்களில் ஒன்றுகூட மாறாது. செவ்வாய்க்கிழமை சந்தை 2% ஏறினாலும், அன்று வியாபாரமாகாத பங்கின் விலை திங்கட்கிழமை விலையாகவே நிற்கும். ஏற்றம் புதனோ வியாழனோதான் உங்கள் கணக்கில் தெரியும். நாளாந்த ரிக்ரஷன் செவ்வாயைச் செவ்வாயுடன் மட்டுமே பொருத்துகிறது. ஆகவே “இந்தப் பங்குகள் சந்தையோடு பெரிதாக அசைவதில்லை” என்று முடிவுகட்டி, பிந்தி வந்த ஏற்றத்தை ஆல்பாவில் சேர்த்துவிடுகிறது. ஏறும் சந்தையில் பீட்டா குறைவாக அளக்கப்பட்டால், அந்தக் குறை அப்படியே திறமையாக வேடம் போடும்.

இதற்கு மருந்து வாரக் கணக்கு. வெள்ளி முடிவு விலையிலிருந்து அடுத்த வெள்ளி முடிவு விலை வரை எடுங்கள். மாதச் சம்பளத்தில் நீங்கள் போடும் பணம் வருமானமாகத் தெரியாதபடி அலகு முறையில் கணக்கு வைத்திருக்கிறீர்கள், அது சரி. (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: ரூ. 100,000 உடன் தொடங்கினால் ரூ. 100 வீதம் 1,000 அலகுகள். அலகு ரூ. 110ஆக இருக்கும் நாளில் ரூ. 25,000 போட்டால் 227.27 அலகுகள் கூடும். வெள்ளி தோறும் மொத்த மதிப்பை அலகுகளால் வகுத்தால் போதும்.) தாளில் A நிரலில் திகதி, B இல் அலகு மதிப்பு, C இல் சுட்டெண், D இல் உண்டியலின் ஆண்டு வட்டி, 10.2 என்றால் 10.2 என்றே எழுதுங்கள். மூன்றாம் வரியிலிருந்து:

```
E3:  =B3/B2-1-D2/5200
F3:  =C3/C2-1-D2/5200
H1:  =LINEST(E3:E54,F3:F54,TRUE,TRUE)
```

விடை 5 வரி, 2 நிரல் கொண்ட ஒரு பெட்டியாக வரும். முதல் வரியில் இடப்பக்கம் பீட்டா, வலப்பக்கம் ஆல்பா. இரண்டாம் வரியில் அவற்றின் நியம வழுக்கள், அதாவது ஒவ்வொரு மதிப்பீடும் எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு. மூன்றாம் வரியில் இடப்பக்கம் R², வலப்பக்கம் சந்தையால் விளக்க முடியாத மீதி அசைவு.

உங்கள் 52 வாரங்களையும் இப்படிப் போட்டபோது பீட்டா 1.3 வந்தது, 0.7 அல்ல. வட்டி கழித்த சராசரி வார வருமானம் உங்களுக்கு 0.86%, சந்தைக்கு 0.60%. சந்தையின் பங்கு 1.3 × 0.60 = 0.78%. எஞ்சுவது வாரத்துக்கு 0.08%, வருடத்துக்குச் சுமார் 4%. 23% இருந்த இடத்தில் இப்போது 4% நிற்கிறது.

வாரக் கணக்கிலும் தாமதம் மிச்சமிருக்கிறதா என்று ஒரு சோதனை செய்யுங்கள். G4 இல் `=F3` என்று போட்டு கீழே இழுத்தால் முந்தைய வாரச் சந்தை வருமானம் கிடைக்கும். பிறகு:

```
=LINEST(E4:E54,F4:G54,TRUE,TRUE)
```

இங்கே ஒரு பொறி உண்டு: இந்தச் சூத்திரம் விடையைத் தலைகீழ் வரிசையில் தரும். முதலில் முந்தைய வாரத்தின் பீட்டா, பிறகு இந்த வாரத்தின் பீட்டா, கடைசியில் ஆல்பா. இரு பீட்டாக்களின் கூட்டுத்தொகைதான் உண்மையான பீட்டாவுக்கு நெருக்கமானது. அது ஒற்றைப் பீட்டாவை விட அதன் நியம வழுவுக்கு மேலாகக் கூடியிருந்தால் கூட்டுத்தொகையையே எடுங்கள். உங்கள் தாளில் பெரிய வித்தியாசம் இல்லை; 1.3ஐயே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சுட்டெண். ASPI வெறும் விலைச் சுட்டெண். அதில் பங்கிலாபம் கிடையாது. உங்கள் 68%இல் பங்கிலாபம் இருக்கிறது. உங்கள் பக்கம் சேர்த்துவிட்டுச் சந்தையின் பக்கம் விட்டால் ஒப்பீடு கோணலாகிவிடும். பங்கிலாபத்தை மீண்டும் முதலிட்டதாகக் கொண்டு கணிக்கும் ASTRI என்ற சுட்டெண்ணையும் கொழும்புப் பங்குச் சந்தை வெளியிடுகிறது. C நிரலில் அதைப் போடுங்கள். சந்தை முழுவதற்குமான பங்கிலாப விளைவு வருடத்துக்கு 3% என்று வைத்துப் பாருங்கள்: 1.3 × 3 = 3.9%. எஞ்சியிருந்த 4% ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. பெரிய வங்கிகளை அதிகம் வாங்கும் விதியாக இருந்தால் பெரிய 20 கம்பனிகளின் S&P SL20 சுட்டெண்ணுடனும் ஒப்பிட்டிருக்க வேண்டும்; 2024இல் அது ASPI-ஐ விட அதிகம் ஏறியது. உங்கள் பங்குகளுக்கு ASTRI போதும்.

பங்கிலாபத்தை விட்டுவிட்டு 4%ஐயே ஏற்றுக்கொண்டாலும் அது நிற்காது. மீதி அசைவு வாரத்துக்கு 2.03%. அதை 52இன் வர்க்கமூலத்தால் வகுத்து, சிறு திருத்தம் சேர்த்தால் ஆல்பாவின் நியம வழு 0.30% அளவில் வருகிறது. ஆல்பா 0.08, வழு 0.30. உண்மையான ஆல்பா வாரத்துக்கு −0.5% முதல் +0.7% வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த அளவு அசைவுக்கு நடுவே 0.08%ஐத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் (2 × 2.03 ÷ 0.08)² கணக்குப்படி சுமார் 2,575 வாரங்கள், அதாவது 50 வருடத் தரவு தேவை. ஆல்பா வாரத்துக்கு 0.4% இருக்குமானால் 103 வாரங்கள் போதும். ஒரு வருடத் தரவால் மிகப் பெரிய திறமையைக்கூட உறுதியாகக் காட்ட முடியாது. இதை வாசகர்கள் கசப்பாக எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியும், ஆனால் சேமிப்பைப் போடும் முன் இதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அப்படியானால் 2022, 2023ஐயும் சேர்க்கலாமே என்று தோன்றும். சேருங்கள், ஆனால் மூன்று வருடத்தையும் ஒரே பீட்டாவில் கட்டாதீர்கள். உங்களுடையது ஏறியதை வாங்கும் விதி. சந்தை 3 மாதம் ஏறி வந்த பின் அதிகம் ஏறிய பங்குகள் என்று தேடினால், சந்தையை விட வேகமாக அசையும் பங்குகளே கையில் சிக்கும், 1.3 வந்ததன் காரணம் இதுதான். சந்தை 3 மாதம் விழுந்த பின் அதே விதி, விழாமல் நின்ற பங்குகளைப் பிடிக்கும். அவற்றின் பீட்டா தாழ்ந்திருக்கும். ASPI சுமார் 30% விழுந்த 2022ஐயும் 49.7% ஏறிய 2024ஐயும் கலந்து ஒரே கோடு இழுத்தால், எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர பீட்டா வரும், ஆல்பாவும் பிழைக்கும். பங்குகளைத் தெரிவு செய்த நாளில் முந்தைய 3 மாதச் சுட்டெண் வருமானம் நேரா, மறையா என்று பார்த்து, வாரங்களை இரண்டாகப் பிரித்து, இரண்டு ரிக்ரஷன் போடுங்கள். இறங்குமுக வாரங்களில் பீட்டா 0.6 அளவுக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு பிரிவிலும் ஆல்பா நேராக இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

2022 ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தை மூடியிருந்தது. அந்த வெள்ளிக்குப் பழைய விலையை நிரப்பாதீர்கள். வரியையே நீக்கி, அடுத்த வரியை இரண்டு வார வருமானமாகக் கொண்டு, வட்டியையும் இரண்டு வாரத்துக்குக் கழியுங்கள்.

2022, 2023 நீங்கள் உண்மையில் பணம் போடாத காலம். எனவே விலைகளை மட்டும் வைத்துக் கணிப்பீர்கள். செலவு தானாகக் கழியாது. வாங்க 1.12%, விற்க 1.12%. ஐந்தில் மூன்று பங்குகள் மாதம்தோறும் மாறினால் 0.6 × 2.24 = 1.34%, வருடத்துக்கு 16%. இதைக் கழிக்காத ஆல்பாவை யாரும் கையில் வாங்க முடியாது.

2022ஐச் சேர்க்கும்போது திருகோணமலைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பங்கு பட்டியலில் வந்து நிற்கும். சீனக்குடா எண்ணெய்க் குதங்களோடு தொடர்புள்ள LIOC, சந்தை விழுந்த அந்த வருடத்தில் பன்மடங்கு ஏறியது. உங்கள் விதி அதைப் பிடித்திருக்கும். இறங்குமுகப் பிரிவின் ஆல்பா முழுவதும் அந்த ஒரு பங்கிலிருந்தே வந்திருக்க இடமுண்டு. அதன் இடத்தில் ஆறாவது பங்கை வைத்து மறுபடி கணியுங்கள். ஆல்பா பாதிக்கு மேல் சுருங்கினால், நீங்கள் அளந்தது ஒரு கம்பனியின் ஒரு வருடத்தை, விதியை அல்ல.

3 மாதம், 5 பங்கு என்ற இந்த அளவுகளுக்கு வரும் முன் எத்தனை அளவுகளைச் சோதித்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. 20 வகை பார்த்து மிக நல்லதை எடுத்திருந்தால், ஆல்பா அதன் நியம வழுவின் இரு மடங்கைத் தாண்டினாலும் அது தற்செயலாகவே இருக்கலாம்; மூன்று மடங்கு கேளுங்கள். இன்றோடு அளவுகளை மாற்றாமல் நிறுத்தி, அடுத்த வெள்ளியிலிருந்து வரும் வாரங்களை வேறு தாளில் எழுதுங்கள். 104 வரிகள் நிரம்பும் வரை, இப்போது போட்டிருக்கும் தொகையோடு மட்டும் விதியை நடத்துங்கள். சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும்.