டூல்ஸ் பெட்டிக்குள்ள கிடக்கிற பிட், பிளேட், உளி எது எதுக்கு?

"அப்பாட பழைய டூல்ஸ் பெட்டிய போட்டோ எடுத்துப் போட்டிருக்கன். கல்லடி வீட்டுச் சுவத்துல தட்டு ஒண்டு அடிக்கணும். இதுல எந்த பிட் சுவருக்கு? மற்ற பிளேட், உளி எல்லாம் என்னத்துக்கு?"

படத்தப் பெரிசாக்கிப் பார்த்தன். பிட்டுட நிறத்த விடுங்க, நுனியப் பாருங்க. துணிக்கு மேல கிடக்கிற மூண்டுல நடு பிட்டுட நுனியில குறுக்கால ஒரு சின்னத் தகடு பதிச்சிருக்கு, அது தண்ட விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்குது பாருங்க, அது கார்பைட், அதுதான் சுவர் பிட். அந்தத் தகடு தேஞ்சு தண்டோட மட்டமாகிட்டெண்டா பிட் ஓட்டைக்குள்ள இறுகி நிண்டிடும், ட்ரில்லும் சூடாகிடும், அப்ப புதுசு ஒண்டு வாங்கிறதுதான் நல்லம்.

இடப்பக்கம் உள்ளது அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே இரும்பு, நுனி வெறும் கூம்பு. இது இரும்புக்கு, மரத்துக்கும் பாவிக்கலாம், ஆனா சுவத்துல வெச்சா கொஞ்ச நேரத்துல நுனி நீலம் பாரிச்சு மழுங்கிடும். வலப்பக்கத்துல நடுவுல ஊசி மாதிரி முனையும் ரெண்டு ஓரத்துல கூரும் இருக்கிறது மரத்துக்கு மட்டும்தான், குறிச்ச இடத்துல அந்த ஊசி குத்தி நிக்கிறதால பிட் வழுக்காது.

கீழ கிடக்கிற தடிச்ச பிட்டுட வால்ல பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கில்ல? அது எஸ்டிஎஸ், கொங்கிரீட்டுக்கு அடிச்சுத் துளைக்கிற பெரிய மெஷினுக்கு உள்ளது, சாவி போட்டு இறுக்கிற உங்கட ட்ரில்லுக்கு சரிவராது.

அளவு மட்டும் படத்துல சொல்ல ஏலா. கடக்கரை உப்புக் காத்துல துரு பிடிச்சிருக்கு, பிட்டுட வால மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா பெரும்பாலும் நம்பர் தெரியும். சுவர் பிட்டுல 6 எண்டு இருந்தா, ஸ்க்ரூ இறுக்க ஓட்டைக்குள்ள வெக்கிற 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு சரி.

ரெண்டு நுனியிலயும் ஓட்டை உள்ள மெல்லிசு பிளேட் ஆக்சோ பிளேட், இரும்பும் பைப்பும் அறுக்க. 24 எண்டு அடிச்சிருந்தா இஞ்சிக்கு 24 பல்லு, வீட்டு வேலைக்கு அது போதும், மாட்டக்குள்ள பல்லு கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கணும். வால்ல டி மாதிரி இருக்கிற கட்டை பிளேட் ஜிக்சோ மெஷினுக்கு.

உளி ரெண்டு கிடக்கு. முழுக்க இரும்பா இருக்கிறது இரும்பும் கல்லும் கொத்திற உளி, அதுட தலை அடிபட்டு விரிஞ்சு மடிஞ்சிருக்கு, அந்த ஓரத்த கிரைண்டர்ல எடுக்காம அடிச்சா துண்டு பறந்து கண்ணுக்குள்ள போகும், இத மட்டும் சும்மா விடாதீங்க. மரக் கைப்பிடி உள்ளது ஓடாவிமார் பாவிக்கிறது. ஆனா அது படுத்துக் கிடக்கிறதால தடிப்புத் தெரியல்ல. ஓரம் ரெண்டும் சரிச்சு மெல்லிசா இருந்தா செதுக்கிற உளி, அகலத்த விட தடிப்புக் கூட இருந்தா நிலை, கதவுக்கு துளை கொத்திற உளி. பக்கவாட்டுல நிமித்தி, ஸ்கேல் ஒண்டும் வெச்சு இன்னொரு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றன்.